மைசெல்ஃப் குமார்

அம்பத்தூர் எஸ்டேட்டில் நேர்முகத் தேர்வு நடக்கும் எந்தக் கம்பெனியிலும் இந்த வாக்கியத்தைக் கேட்கலாம்: “மைசெல்ஃப் குமார், ஃப்ரம் ஆவடி.” எதிரில் இருப்பவருக்கு விஷயம் புரிந்துவிடும். ஆனாலும் ஆங்கில இலக்கணப்படி இது பிழை. ‘மைசெல்ஃப்’ தனியே நிற்காது. ‘ஐ டிட் இட் மைசெல்ஃப்’ என்பதுபோல ‘ஐ’ அல்லது ‘மி’ ஒன்றைச் சார்ந்தே வரும்.

‘நான் குமார்’ என்னும் தமிழ் வாக்கியத்தில் வினைச்சொல் இல்லை. அதனால்தான் ஆங்கிலத்தில் ‘ஆம்’ விடுபடுகிறது என்று ஒரு விளக்கம் சொல்வார்கள். அது பாதிதான் சரி. ‘ஹூன்’ என்ற வினையோடு பெயர் சொல்லிப் பழகிய இந்திக்காரரும் ‘மைசெல்ஃப்’ என்றே தொடங்குகிறார். என் கணிப்பு வேறு. நம் பள்ளிகளில் சின்ன வகுப்பிலேயே மனப்பாடம் செய்யவைக்கும் கட்டுரையின் தலைப்பு ‘மைசெல்ஃப்’. அடுத்த வரி ‘மை நேம் இஸ்’. பிறகு ‘லெட் மி இன்ட்ரட்யூஸ் மைசெல்ஃப்’ வருகிறது. இரண்டிலும் அந்தச் சொல்லை ஒட்டியே பெயர் வருவதால், பதற்றத்தில் நடுவில் உள்ளது உதிர்ந்து, தலைப்பும் பெயரும் மட்டும் மிஞ்சுகின்றன.

தன்னைச் சொல்லிக்கொள்ளத் தமிழில் அருமையான வழி ஒன்று இருந்தது. பெயரின் கடைசியிலேயே ‘ஏன்’ என்னும் தன்மை விகுதியைச் சேர்த்துவிடுவார்கள். முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில், குடவோலை விதிகளை எழுதிய மத்தியஸ்தன் தன் பெயரை ‘இராஜமல்லமங்கலப்பிரியனேன்’ என்று முடிக்கிறான். ‘அந்தப் பெயருடைய நான்’ என்பது அந்த ஒரு விகுதியிலேயே அடங்கிவிட்டது. இன்று பெயரோடு அதைச் சேர்ப்பவர் இல்லை. ஆனால் ‘அடியேன்’ என்பதில் அதே ‘ஏன்’ உயிரோடு இருக்கிறது. திருக்கச்சி நம்பி பிறந்த பூவிருந்தவல்லியில், வைணவ அடியார்கள் சந்திக்கும்போது ‘அடியேன் ராமானுஜதாசன்’ என்று சொல்லிக்கொள்வதை இன்றும் கேட்கலாம்.

அன்றாடப் பேச்சில் இடத்தைப் பொறுத்து வாக்கியம் மாறும். போனில் ‘நான் குமார் பேசுறேன்’. வீட்டு வாசலில் ‘யாரு?’ என்றால் ‘நான்தாங்க, குமார்’. புது இடத்தில் ‘என் பேரு குமாருங்க, திருமுல்லைவாயல்லேர்ந்து வர்றேன்’. நம்மவர்கள் பெயரோடு ஊரையும் சேர்த்தே சொல்வார்கள், ஏனென்றால் அடுத்த கேள்வி அதுதான். ‘ஃப்ரம் ஆவடி’ என்ற ஒட்டும் இந்தப் பழக்கத்திலிருந்து வந்ததே. அதில் குறை ஒன்றுமில்லை.

ஆங்கிலத்தில் சொல்லத்தான் வேண்டுமென்றால் ‘ஐ ஆம் குமார்’ அல்லது ‘மை நேம் இஸ் குமார்’, போனில் ‘திஸ் இஸ் குமார்’. கேட்பவருக்குத் தமிழ் தெரியுமென்றால் ‘வணக்கம், என் பெயர் குமார்’ என்றே தொடங்குங்கள்.