கேசட், தட்டு, தொலைபேசிக் கம்பி: குமரிக் கிழக்கோரத்தில் வீடியோ கேம் கைமாறிய வரலாறு

வீடியோ கேம் கடையிலிருந்து இணையத்துக்கு இடம்பெயர்ந்த கதை பெரும்பாலும் அமெரிக்காவையும் ஜப்பானையும் வைத்தே எழுதப்பட்டிருக்கிறது. அதன்படி வாடிக்கையாளர் முதலில் அசல் கார்ட்ரிட்ஜ் வாங்குகிறார். அடுத்து அசல் டிஸ்க். கடைசியில் காசு கட்டிப் பதிவிறக்குகிறார். குமரி மாவட்டத்தின் கிழக்கு எல்லையில், திருநெல்வேலிப் பக்கம் சாய்ந்து கிடக்கும் அஞ்சுகிராமம் போன்ற ஊருக்கு இந்த வரிசை பொருந்தாது. இங்கே அசல் என்பதே அபூர்வம். பதிவிறக்கம் எப்போது சாத்தியமாயிற்று என்பதை விளையாட்டு நிறுவனங்களைவிடத் தொலைபேசிக் கம்பியும் பணம் கட்டும் வழியுமே முடிவுசெய்தன என்பது இக்கட்டுரையின் வாதம்.

தொண்ணூறுகளில் நிண்டெண்டோவின் கருவி இந்தியாவில் ‘சமுராய்’ என்ற பெயரில் முறைப்படி விற்பனைக்கு வந்தது. ஆனால் வீடுகளை நிறைத்தவை அதன் மலிவான நகல்களே. வளைகுடாவிலிருந்து வருபவர்களின் பெட்டியிலும் இவை வந்தன. கார்ட்ரிட்ஜை யாரும் அப்பெயரால் அழைக்கவில்லை, அது ‘கேசட்’. உள்ளே ஒரு சிறிய மின்சுற்றுப் பலகை, நகல் கேசட் என்றால் அதன் நடுவே கறுப்புப் பிசின் பொட்டு. அந்தப் பொட்டுக்கு அடியில்தான் சில்லு. ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ முழுவதும் வெறும் 40 கிலோபைட். அதனால்தான் ஒரே கேசட்டில் பல ஆட்டங்களை அடைக்க முடிந்தது. அட்டையில் ‘9999999 இன் 1’ என்று போட்டிருந்தாலும் உள்ளே இருப்பவை சில ஆட்டங்களே. அதே ஆட்டம் வெவ்வேறு கட்டத்திலிருந்து தொடங்குவதைப் புது எண்ணாகப் பட்டியலிட்டிருப்பார்கள். படம் வராவிட்டால் கேசட்டைக் கழற்றி, ஊதி, மறுபடி செருகுவது ஊரறிந்த வைத்தியம். வேலை செய்தது ஊதல் அல்ல, கழற்றிச் செருகியதுதான். வாயின் ஈரம் காலப்போக்கில் தொடுமுனைகளை அரிக்கவே செய்தது.

அந்தக் காலத்திலேயே கம்பிவழி ஆட்டம் அனுப்பும் முயற்சிகள் வெளிநாடுகளில் நடந்தன. 1983-இல் அமெரிக்காவில் வந்த ‘கேம்லைன்’, அட்டாரி கருவியில் செருகும் ஒரு மோடம். தொலைபேசியில் இறக்கிய ஆட்டம் சில முறை விளையாடியதும் போய்விடும். அந்தச் சேவை நிலைக்கவில்லை.

நம் பக்கம் அடுத்து வந்தது தட்டு. சோனி தன் முதல் பிளேஸ்டேஷன் டிஸ்கில் ஒரு நுட்பமான பூட்டை வைத்தது. டிஸ்கின் ஓரிடத்தில் தடம் மெல்ல அலைவதுபோல் அச்சிடப்பட்டிருக்கும். அந்த அலைவில் நான்கெழுத்துக் குறி ஒன்று ஒளிந்திருக்கும். வீட்டுக் கணினியின் சிடி ரைட்டரால் தரவை நகலெடுக்க முடியும், இந்த அலைவை நகலெடுக்க முடியாது. ‘சிப் போட்ட’ கருவி என்பது இந்தக் குறியைத் தானே உற்பத்தி செய்து, டிஸ்கிலிருந்து வந்ததுபோலக் கருவியை ஏமாற்றுவது. பிளேஸ்டேஷன் 2-க்கும் வேறு வகைச் சிப்புகள் வந்தன. சென்னையில் ரிச்சி தெருவும் பர்மா பஜாரும் இந்த வணிகத்துக்குப் பேர்போனவை. இந்தியாவிலேயே உருவான முதல் கன்சோல் ஆட்டமான ‘ஹனுமான்: பாய் வாரியர்’ 2009-இல் அசல் டிஸ்காக வந்தபோது, நகல் டிஸ்க் எப்போதோ ஊர் வழக்கமாகிவிட்டிருந்தது. ஆட்டத்துக்குத் தனியே காசு கொடுப்பது என்ற பழக்கம் உருவாகாமலேயே ஒரு தலைமுறை விளையாடிவிட்டது.

டிஸ்கின் மதிப்பு உள்ளிருந்தே சரியத் தொடங்கிய ஆண்டு 2004. வால்வ் நிறுவனம் ‘ஸ்டீம்’ சேவையை முந்தைய ஆண்டு செப்டம்பரில் தொடங்கியிருந்தது. 2004 நவம்பரில் வந்த ‘ஹாஃப்-லைஃப் 2’ ஆட்டத்தைக் கடையில் பெட்டியாக வாங்கியவரும் இணையத்தில் கணக்குத் திறந்து பதிவுசெய்தே ஆக வேண்டும். அதற்குப் பின் டிஸ்க் வெறும் சுமைவண்டி. உரிமை அந்தக் கணக்கில். இணையம் இல்லாத வீட்டில் அந்தப் பெட்டிக்குப் பயனே இல்லை.

அப்போது நம் இணையம் எப்படி இருந்தது? 2004-ஆம் ஆண்டுக் கொள்கை, நொடிக்கு 256 கிலோபிட் இருந்தாலே அகலப்பட்டை என்றது. பி.எஸ்.என்.எல். 2005 தொடக்கத்தில் ‘டேட்டாஒன்’ சேவையைக் கொண்டுவந்தது. 256 கிலோபிட் என்றால் நொடிக்கு 32 கிலோபைட். ஒரு டிவிடியின் 4.7 ஜிபி இறங்க ஏறத்தாழ 41 மணி நேரம். 2007-இல் வேகம் 2 எம்பிபிஎஸ் வரை உயர்த்தப்பட்டது. ஆனாலும் பகலில் மாத வரம்பு இருந்தது. வழி திறந்தது ‘ஹோம் 500’ திட்டத்தின் இரவுச் சலுகை: இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை கணக்கில்லை. 2 எம்பிபிஎஸ் முழுதாகக் கிடைத்தால் ஆறு மணி நேரத்தில் 5.4 ஜிபி இறங்கும். அதாவது ஓர் இரவுக்கு ஒரு டிவிடி. அலாரம் வைத்து எழுந்து பதிவிறக்கத்தை முடுக்கிவிட்டுத் திரும்பப் படுத்த பையன்கள் தமிழ்நாடெங்கும் இருந்தார்கள். இறங்கியதில் எவ்வளவு காசு கொடுத்து வாங்கியது என்று கேட்கக் கூடாது.

முழு வேகம் எல்லார்க்கும் வாய்க்கவில்லை. ஏ.டி.எஸ்.எல். தொழில்நுட்பம் செம்புக் கம்பியில் ஓடியது. எக்ஸ்சேஞ்சிலிருந்து வீடு தள்ளிப்போகப் போக வேகம் குறையும், ஐந்து கிலோமீட்டர் தாண்டினால் இணைப்பே நிற்பது கடினம். தோப்பும் வயலுமாய் வீடுகள் சிதறிக் கிடக்கும் ஊர்களுக்கு இது பெரிய பாதகம். போதாததற்கு இரண்டு பருவமழையும் பெறும் மாவட்டம் இது. கம்பி இணைப்புகளில் நீர் இறங்கினால் முதலில் தொலைபேசியில் கரகரப்புக் கேட்கும், பிறகு மோடத்தில் ஏ.டி.எஸ்.எல். விளக்கு விட்டுவிட்டு மின்னத் தொடங்கும். அன்றைய இரவு வீண். விட்ட இடத்திலிருந்து தொடரத் தெரிந்த பதிவிறக்க மென்பொருள் இருந்தால் தப்பித்தது.

கம்பி சரியானாலும் காசு கட்டுவது இன்னொரு தடை. ஸ்டீமில் விலை டாலரில் இருந்தது. உள்ளூர் வங்கியின் டெபிட் கார்டு பல வேளைகளில் வெளிநாட்டுத் தளத்தில் செல்லாது. கிரெடிட் கார்டு வைத்திருந்தவர் சிலரே. 2015-இல் இரண்டு காரியங்கள் நடந்தன. கூகுள் பிளே தன் குறைந்தபட்ச விலையை 50 ரூபாயிலிருந்து 10 ரூபாய்க்கு இறக்கியது. நவம்பரில் ஸ்டீம் ரூபாய் விலைக்கு மாறியது. மறு ஆண்டு யு.பி.ஐ. வந்தது, செப்டம்பரில் ஜியோ வந்தது. கன்சோலும் கணினியும் எட்டாத வீடுகளில் கைப்பேசியே விளையாட்டுக் கருவியாயிற்று. டிஸ்கிலிருந்து பதிவிறக்கத்துக்கு மெல்ல நகர்ந்தவர்களைவிட, டிஸ்கைக் கண்ணால் காணாமலே நேரே பதிவிறக்கத்தில் இறங்கியவர்களே இங்கு அதிகம் என்று நான் கருதுகிறேன்.

இந்த வசதிக்குக் கொடுத்த விலை 2020-இல் தெரிந்தது. செப்டம்பர் 2-இல் பப்ஜி மொபைல் தடை செய்யப்பட்டது. முன்பே இறக்கி வைத்திருந்தவர்களுக்கு அக்டோபர் 30 வரை ஓடிற்று. பிறகு சர்வர் நின்றது. காசு கொடுத்து வாங்கிய உடைகளும் பொருட்களும் திரையோடு போயின. 2021 ஜூலையில் அதன் இந்தியப் பதிப்பு வந்து, 2022-இல் அதுவும் தடைபட்டு, 2023-இல் மீண்டது. தடை நியாயமா என்பது வேறு கேள்வி. வரலாற்று ஆய்வாளன் கவனிக்க வேண்டியது, கேசட்டை இப்படி ஒரே நாளில் எல்லா வீடுகளிலிருந்தும் எடுத்துவிட முடியாது என்பதே.

இரவல் கொடுக்கும் வழக்கமும் தேய்ந்தது. பிளேஸ்டேஷன் 4-லிருந்தே ஆட்டம் முழுவதும் கருவியின் ஹார்ட் டிஸ்கில் ஏறிவிடும். டிஸ்க் சாவியாக மட்டும் உள்ளே இருக்க வேண்டும். ஆனாலும் அந்தச் சாவியை நண்பனுக்குக் கொடுக்கலாம், பழையதாக விற்கலாம். டிஸ்க் துளையே இல்லாமல் முதலில் வந்த பிளேஸ்டேஷன் 5 டிஜிட்டல் பதிப்பில் அதுவும் முடியாது. நிண்டெண்டோ 2025 ஜூனில் ‘ஸ்விட்ச் 2’ கருவியோடு அறிமுகப்படுத்திய ‘கேம்-கீ கார்டு’ இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது: கார்ட்ரிட்ஜ் இருக்கிறது, ஆட்டம் அதில் இல்லை, இணையத்திலிருந்து இறக்க வேண்டும். ஆனால் அட்டை யார் கையில் இருக்கிறதோ அவர் விளையாடலாம். எனவே இரவல் கொடுக்கலாம், விற்கலாம், பதிவிறக்கச் சர்வர் நிற்கும் நாள்வரை.