காவலரிலிருந்து சாட்சிக்கு: கல்லூரித் தேர்வறைக் கண்காணிப்பு ஆணையின் வரலாற்று வளர்ச்சி

பருவத் தேர்வு தொடங்குவதற்குச் சில நாட்களுக்கு முன் கல்லூரி ஆசிரியர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு பணி ஆணை வருகிறது. எந்தத் தேதி, முற்பகலா பிற்பகலா, எத்தனை மணிக்கு வந்து கையெழுத்திட வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். உடன் இணைக்கப்பட்ட அறிவுரைத் தாளைப் பெரும்பாலோர் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு வைத்துவிடுவார்கள். அந்தத் தாளின் விதிகள் ஒரே காலத்தில் எழுதப்பட்டவை அல்ல. வெவ்வேறு தேவைகளால் அடுக்கடுக்காகச் சேர்ந்தவை. 1962-க்குப் பின் சேர்ந்த அடுக்கு, கண்காணிப்பாளரின் பணியின் தன்மையையே மாற்றியது என்பது இக்கட்டுரையின் கருத்து. அதுவரை அவர் அறையின் காவலராக மட்டுமே இருந்தார். அதன்பின் எழுத்தில் சான்று தரவேண்டிய சாட்சியும் ஆனார்.

முதல் அடுக்கு பத்தொன்பதாம் நூற்றாண்டினது. 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம் லண்டன் பல்கலைக்கழகத்தின் முறையைப் பின்பற்றித் தொடங்கப்பட்டது. கற்பிப்பது கல்லூரிகளின் வேலை, தேர்வு நடத்துவது பல்கலைக்கழகத்தின் வேலை என்ற பிரிவினை அதன் அடிப்படை. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த சி.வை. தாமோதரம் பிள்ளையும் கரோல் விசுவநாத பிள்ளையும் அதன் முதல் பட்டதாரிகள். கேள்வித்தாளைத் தயாரிப்பவர் ஓரிடத்தில், எழுதுபவர் வேறிடத்தில் என்றானபோது, இடைப்பட்ட தூரத்தைக் காப்பதற்கு நம்பகமான ஓர் ஆள் தேவைப்பட்டார். இங்கிலாந்திலும் இதே சிக்கல் இருந்தது. 1858 டிசம்பரில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் வெளியூர்களில் பள்ளி மாணவர்களுக்குத் தேர்வு நடத்தத் தொடங்கியபோது, கேள்வித்தாள் அடங்கிய பூட்டிய பெட்டியுடன் தன் ஆட்களையே ரயிலில் அனுப்பியது. முத்திரையிட்ட உறையைச் சாட்சிகள் முன்னிலையில் பிரிப்பது, எஞ்சிய கேள்வித்தாளை எண்ணித் திருப்புவது ஆகிய விதிகள் இந்த அடுக்கைச் சேர்ந்தவை.

இவற்றில் மிக நுட்பமாக அமைந்தது நேரம் பற்றிய விதி. தேர்வு தொடங்கி அரை மணி நேரத்துக்குப் பின் யாரையும் உள்ளே விடக்கூடாது. அந்த நேரம் முடியும் முன் யாரையும் வெளியே விடவும் கூடாது. இதை மாணவர்களை ஒழுங்குபடுத்தும் இரு தனிக் கட்டளைகளாகப் பலர் புரிந்துகொள்கிறார்கள். உண்மையில் ஒன்றில்லாமல் மற்றொன்றுக்குப் பொருளில்லை. ஒரே கேள்வித்தாள் பல மையங்களில் ஒரே நேரத்தில் பிரிக்கப்படுகிறது. 10 மணிக்குத் தொடங்கும் தேர்வில், திருச்சியில் ஒருவர் 10.20-க்கு வெளியே வந்து, கோவையில் ஒருவர் 10.30-க்கு உள்ளே போக முடிந்தால் கேள்விகள் ஊர் தாண்டிவிடும். கடைசி மாணவர் உள்ளே போன பிறகே முதல் மாணவர் வெளியேற முடியும் என்ற வரிசைதான் விதியின் உயிர். இரக்கப்பட்டு 10.40-க்கு ஒருவரை அனுமதிக்கும் கண்காணிப்பாளர், தம் அறைக்குத் தெரியாத மற்ற மையங்களின் பாதுகாப்பையும் தளர்த்திவிடுகிறார். கைபேசி வந்தபின் இந்த இடைவெளி இன்னும் முக்கியமாகிவிட்டது.

இரண்டாவது அடுக்கு நீதிமன்றத்திலிருந்து வந்தது. 1954-இல் உத்தரப் பிரதேச இடைநிலைக் கல்வி வாரியத்தின் தேர்வை எழுதிய கன்ஷ்யாம் தாஸ் குப்தா உள்ளிட்ட மூன்று மாணவர்களின் தேர்வு முடிவை வாரியம் அவ்வாண்டு டிசம்பரில் ரத்து செய்து, அடுத்த ஆண்டுத் தேர்வு எழுதவும் தடைவிதித்தது. தேர்வில் முறைகேடு செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு. அவர்களிடம் ஒரு சொல்கூடக் கேட்கப்படவில்லை. விளக்கம் கேட்க வேண்டும் என்று சட்டத்தில் எங்கும் இல்லையே என்பது வாரியத்தின் வாதம். 1962-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஒரு மாணவரின் எதிர்காலத்தையே பாதிக்கும் முடிவை எடுக்கும் குழு, நீதிமன்றத்தைப் போன்ற கடமையுடன் நடக்க வேண்டும். அவர் தரப்பைக் கேட்காமல் தண்டிக்கக் கூடாது என்றது.

விசாரணை என்று வந்துவிட்டால் ஆதாரம் வேண்டும். அறையில் நடந்ததை நேரில் கண்டவர் கண்காணிப்பாளர் ஒருவரே. இன்றைய அறிவுரைத் தாளில் முறைகேட்டுக்கென ஒரு முழுப் பகுதி இருப்பதற்கான காரணத்தை நான் இத்தீர்ப்பில்தான் காண்கிறேன். 1970-இல் பீகார் பள்ளித் தேர்வு வாரிய வழக்கில் இதே நீதிமன்றம் ஓர் எல்லையையும் வகுத்தது. ஹன்ஸ்வாடி மையத்தில் பொதுவாகவே முறைகேடு நடந்திருந்ததால், மையத்தின் தேர்வையே ரத்து செய்யும்போது ஒவ்வொருவரையும் தனித்தனியே விசாரிக்கத் தேவையில்லை என்றது. தனி மாணவர்மீது குற்றம் சாட்டும்போது மட்டும் அறையின் பதிவு இன்றியமையாததாகிறது.

அப்பதிவு எப்படி இருந்தால் நிற்கும், எப்படி இருந்தால் விழும் என்பதை ஒரு கற்பனை நிகழ்வில் பார்க்கலாம். காலை 11.20-க்கு ஒரு மாணவரின் விடைத்தாளுக்கடியில் துண்டுச் சீட்டு ஒன்று தென்படுகிறது. கண்காணிப்பாளர் சீட்டையும் அதுவரை எழுதிய விடைத்தாளையும் உடனே எடுத்துக்கொண்டு, முதன்மைக் கண்காணிப்பாளருக்குச் சொல்லியனுப்புகிறார். சீட்டில் மாணவரின் பதிவெண்ணையும் நேரத்தையும் குறித்து, அவரிடமும் பக்கத்து அறை ஆசிரியரிடமும் கையெழுத்து வாங்குகிறார். நடந்ததை மாணவரே தம் கைப்பட எழுதித் தரலாம். மறுத்தால் வற்புறுத்தக் கூடாது. மறுத்தார் என்பதை எழுதி, பார்த்த இன்னொருவர் கையொப்பமிட்டால் போதும். இதே சீட்டைக் கிழித்துப்போட்டு, மாலையில் ஆசிரியர் அறையில் அமர்ந்து "காப்பியடித்தார்" என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால், அது கண்டதைச் சொல்லும் சான்றாகாது, அவருடைய முடிவைச் சொல்லும் வரியாகவே நிற்கும். எங்கே இருந்தது, எப்போது கண்டார், என்ன எழுதியிருந்தது என்று கேட்டால் விடை இராது. இதில் மாணவருக்கும் அநீதி உண்டு. தவறு செய்யாதவர் தம்மைக் காத்துக்கொள்ளவும் அந்த விவரங்களே வேண்டும்.

விடைத்தாளின் முகப்பில் இடும் கையெழுத்தும் சாட்சிக் கையெழுத்துதான். நுழைவுச் சீட்டின் படத்தையும் முகத்தையும் ஒப்பிட்டு, பதிவெண் சரியா என்று பார்த்து, மாணவரின் மேசையருகே நின்று இடவேண்டியது அது. நேரத்தை மிச்சப்படுத்த மொத்தத் தாள்களிலும் முன்கூட்டியே கையெழுத்திட்டு வினியோகிக்கும் வழக்கம் ஆள்மாறாட்டத்துக்குக் கதவு திறப்பதோடு, வெற்று விடைத்தாள் வெளியே போகவும் வழிசெய்கிறது.

மூன்றாவது மாற்றம் தமிழ்நாட்டில் நெருக்கமாக உணரப்பட்டது. 1964–66 கோத்தாரி குழு பரிந்துரைத்த தன்னாட்சி முறை, 1978-இல் சென்னை லயோலா, சென்னைக் கிறித்தவக் கல்லூரி, மதுரை அமெரிக்கன் கல்லூரி முதலியவற்றில் நடைமுறைக்கு வந்தது. பல்கலைக்கழகம் 1857-இல் பிரித்துவைத்த இரு வேலைகளும் மீண்டும் ஒரே வளாகத்துக்குள் வந்தன. கற்பித்தவரே கேள்வி தயாரிக்கலாம், அவரே அறையிலும் நிற்கலாம் என்ற நிலையில், பழைய தூரத்தை ஆணையின் வழியாகவே மீண்டும் உருவாக்க வேண்டியிருந்தது. ஆணையில் தேதி மட்டும் இருக்கும். அறை எண் தேர்வன்று காலையில்தான் தெரியவரும். தம் பாடத் தேர்வு நடக்கும் அறைக்கு அந்தத் துறை ஆசிரியரை அனுப்புவதில்லை. ஒரே பெஞ்சில் இரு வேறு துறை மாணவர்களைக் கலந்து அமரவைப்பதும் இதே நோக்கம் கொண்டதுதான். இவற்றை ஆசிரியர்மீதான அவநம்பிக்கையாகக் கொள்வோர் உண்டு. நான் அப்படிக் கருதவில்லை. தம் மாணவரைக் காட்டிக்கொடுக்கவோ காப்பாற்றவோ வேண்டிய இக்கட்டு ஆசிரியருக்கு நேராமல் இவை பார்த்துக்கொள்கின்றன.

கடைசியாகச் சேர்ந்த விதிகள் காவலையோ சாட்சியத்தையோ பற்றியவை அல்ல. மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான மத்திய அரசின் 2018 ஆகஸ்ட் வழிகாட்டுதல்கள், மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் ஈடுசெய்யும் நேரம் தரச் சொல்லின. மூன்று மணி நேரத் தேர்வில் அது ஒரு மணி நேரம். 10 மணிக்குத் தொடங்கும் தேர்வு ஒருவருக்கு மட்டும் 2 மணி வரை நீள்கிறது. அதே 2 மணிக்குப் பிற்பகல் தேர்வு தொடங்குகிறது. சொல்வதை எழுதுபவருடன் பேசிக்கொண்டே எழுத வேண்டியவருக்குத் தனி அறையும், அதற்கென ஒரு கண்காணிப்பாளரும் தேவை. ஒரு மணிக்கு எல்லா விடைத்தாளையும் வாங்கிவிடு என்று மட்டும் கூறும் பழைய அறிவுரைத் தாளைத் திருத்தாமல் தரும் கல்லூரியில், அந்த ஒரு மணி நேரத்தைப் பெறுவதற்காக மாணவர் தேர்வு நடக்கும்போதே கண்காணிப்பாளரிடம் வாதாட நேர்கிறது.