கைதுக்கும் குற்றப்பத்திரிகைக்கும் நடுவே: பத்திரிகைகள் எதை எழுதலாம்?

சதுரங்கப்பட்டினத்தில் ஓர் இளைஞர் கைதாகிறார் என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் நாளிதழில், 'விசாரணையில் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகப் போலீசார் தெரிவித்தனர்' என்று வருகிறது. ஊரார் அவரைக் குற்றவாளி என்றே முடிவுகட்டிவிடுகிறார்கள். ஆனால் போலீசாரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை அவருக்கு எதிரான சாட்சியமாக நீதிமன்றம் ஏற்பதில்லை. அதன்வழி ஏதேனும் பொருள் கைப்பற்றப்பட்டால், அதைக் காட்டிக்கொடுத்த பகுதி மட்டுமே விதிவிலக்கு. நீதிபதி பார்க்கக் கூடாததை வாசகர் முதலிலேயே படித்துவிடுகிறார்.

இதை நீதிமன்ற அவமதிப்பு எனலாமா? நிலுவையிலுள்ள வழக்கின் போக்கைக் கெடுக்கும் வெளியீடு, 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றவியல் அவமதிப்பு. ஆறு மாதம் வரை வெறுங்காவல், 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். ஆனால் அதே சட்டத்தின் 3ஆம் பிரிவு, குற்றப்பத்திரிகை தாக்கலான பிறகோ, நீதிமன்றம் சம்மன் அல்லது வாரண்டு பிறப்பித்த பிறகோதான் குற்ற வழக்கை 'நிலுவையில் உள்ளது' என்கிறது. பரபரப்புச் செய்திகள் அதிகம் வருவதோ அதற்கு முந்தைய நாட்களில். இந்த இடைவெளியை அடைக்க, கைதான நேரத்திலிருந்தே பாதுகாப்பு வேண்டும் என்று சட்ட ஆணையம் 2006இல் தனது 200ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. சட்டம் இன்னும் அப்படித் திருத்தப்படவில்லை.

நடிகர் சுஷாந்த் சிங் ராஜ்புத் 2020 ஜூனில் இறந்தபோது இந்தக் கேள்வி மும்பை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. விசாரணை நடந்துகொண்டிருந்தபோதே சில தொலைக்காட்சிகள் குற்றவாளி யார் என்று தீர்ப்புச் சொல்லின. 2021 ஜனவரி 18 தீர்ப்பில், புலன்விசாரணைக் கட்டத்தில் நடக்கும் 'ஊடக விசாரணை'யும் நீதி வழங்கலில் குறுக்கிடுவதே என்று அந்நீதிமன்றம் கூறியது. ரிபப்ளிக், டைம்ஸ் நவ் ஒளிபரப்புகளில் சில முதல் நோக்கில் அவமதிப்பாகத் தெரிகின்றன என்றும் சொன்னது. ஆயினும் நடவடிக்கை எடுக்கவில்லை.

நீதிமன்றத்தில் நடப்பதை நேர்மையாகவும் துல்லியமாகவும் எழுதுவது அவமதிப்பு ஆகாது என்கிறது 4ஆம் பிரிவு. 'அரசுத் தரப்பு சாட்சி இவ்வாறு சொன்னார்' என்று எழுதலாம். ஆனால் அவர் குறுக்கு விசாரணையில் தடுமாறியதை மறுநாள் விட்டுவிட்டால், ஒவ்வொரு வரியும் உண்மையாக இருந்தும் செய்தி நேர்மையானதாகாது.

பாதிக்கப்பட்ட குடும்பம் செய்தியைத் தேதியுடன் பத்திரப்படுத்தித் தம் வழக்கறிஞரிடம் தர வேண்டும். செங்கல்பட்டு நீதிமன்ற வழக்கு என்றால், அந்நீதிமன்றம் அனுப்பும் குறிப்பின் பேரிலோ அரசுத் தலைமை வழக்கறிஞர் கொண்டுவரும் மனுவின் பேரிலோ சென்னை உயர் நீதிமன்றம் நடவடிக்கை எடுக்கலாம். அவமதிப்பு நடந்து ஓராண்டு கடந்தால் அந்த வழி அடைபட்டுவிடும்.