பிடுங்கின பல்லையும் எண்ணு: பற்சூத்தையை அளந்த கதை

ஒரு ஊரில் பற்சூத்தை எவ்வளவு இருக்கு என்று எப்படிச் சொல்லுறது? பாடசாலைக்குப் போய் பிள்ளைகளின்ட வாயைப் பார்த்து, சூத்தை உள்ளவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர் என்று கணக்கெடுத்தால் போதும் என்றுதான் முதலில் தோன்றும். கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பலரும் அப்படித்தான் செய்தார்கள். ஆனால் அங்கே அந்தக் காலத்தில் சூத்தை இல்லாத பிள்ளையைக் காண்பதே அரிது. எந்த ஊருக்குப் போனாலும் கணக்கு நூறை ஒட்டியே வந்தது. எல்லா ஊருக்கும் ஒரே விடை வந்தால் அந்த அளவுகோலை வைத்து என்ன செய்யுறது?

இன்னொரு வழி, வாயில் இருக்கிற சூத்தைப் பற்களை எண்ணுவது. அதில் இதைவிட மோசமான ஓட்டை ஒன்று இருந்தது. நாலு பல் சூத்தை வந்து நாலையும் பிடுங்கிவிட்ட பிள்ளையின் வாயில் இப்போது எண்ணுவதற்கு ஒன்றுமே இல்லை. அதிகம் கஷ்டப்பட்ட பிள்ளைதான் தாளில் ஆரோக்கியமான பிள்ளையாகத் தெரியும்.

இந்தச் சிக்கலைத் தீர்த்தவர்கள் அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சேவையில் வேலை செய்த ஹென்றி கிளைன், கரல் பாமர், நட்சன் ஆகிய மூவர். மேரிலண்ட் மாநிலத்தில் ஹேகர்ஸ்டவுன் என்ற ஊரின் ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகளைப் பரிசோதித்து, 1938ல் அறிக்கை வெளியிட்டார்கள். அவர்களுடைய யோசனை மிக எளிமையானது. சூத்தை பல்லில் விட்டுப்போகிற தடயங்கள் மூன்று. பல் இன்னும் சூத்தையாக இருக்கலாம், அது டி. சூத்தையால் பிடுங்கப்பட்டிருக்கலாம், அது எம். அடைக்கப்பட்டிருக்கலாம், அது எவ். மூன்றையும் கூட்டினால், அந்தப் பிள்ளையின் நிரந்தரப் பற்களில் எத்தனையைச் சூத்தை இதுவரை தொட்டிருக்கிறது என்பது வரும். பல்லைக் குறிக்கும் ரி என்ற எழுத்தையும் சேர்த்தால் டி.எம்.எவ்.ரி. பாற்பற்களுக்கு அதே எழுத்துகளைச் சின்ன எழுத்தில் எழுதுவார்கள்.

ஒரு பிள்ளையை வைத்துப் பார்ப்போம். வயது 12. மேல்வலது முதல் கடைவாய்ப்பல்லில் சூத்தை. மேல்இடது கடைவாய்ப்பல் அடைக்கப்பட்டு நல்லாயிருக்கு. கீழ்இடது பல்லைச் சூத்தை என்று பிடுங்கியாச்சு. கீழ்வலது பல் முன்பு அடைத்தது, ஆனால் திரும்பவும் சூத்தை. முன்பல் ஒன்று சைக்கிளால் விழுந்து உடைந்தது. இப்போது எண்ணுங்கள். அடைத்த பிறகு மறுபடி சூத்தை வந்த பல் எவ்வில் சேராது, டியில்தான் சேரும். உடைந்த முன்பல்லுக்குக் கணக்கில் இடமே இல்லை, அது சூத்தையால் வந்ததல்ல. ஆகவே டி 2, எம் 1, எவ் 1, மொத்தம் 4.

இந்தப் பிள்ளையை நல்ல பல் வைத்தியர் ஒருவரிடம் கொண்டுபோய் இரண்டு சூத்தையையும் அடைத்துவிட்டால் மொத்தம் எவ்வளவு? அப்பவும் 4தான். இந்த எண் கூடுமே தவிரக் குறையாது, ஏனென்றால் அது வாயின் இன்றைய நிலையைச் சொல்லவில்லை, வாயின் வரலாற்றைச் சொல்லுது. மாறுவது உள்ளே இருக்கிற பங்கு மட்டும்: டி 0, எம் 1, எவ் 3. அதனால் மொத்தத்தை மட்டும் வாசித்தால் ஊரில் வைத்தியம் கிடைக்குதா இல்லையா என்று தெரியாது. டி அதிகமும் எவ் குறைவுமாக இருந்தால், அங்கே சூத்தை வருது, ஆனால் யாரும் அடைத்துவிடவில்லை என்று அர்த்தம். ஹேகர்ஸ்டவுன் அறிக்கை பிள்ளைகளின் பல் நிலையோடு பல் வைத்தியத் தேவையையும் சேர்த்தே பேசியது.

அதே ஆய்விலிருந்து இன்னொரு சுவாரசியமான விஷயம். ஒரே வயதுப் பிள்ளைகளில் பெண்பிள்ளைகளின் எண் ஆண்பிள்ளைகளை விடக் கூட வந்தது. பெண்பிள்ளைகள்தான் இனிப்பு அதிகம் சாப்பிடுகிறார்கள் என்று யாரும் சட்டென்று முடிவு கட்டியிருக்கலாம். கிளைனும் பாமரும் காட்டிய காரணம் வேறு. பெண்பிள்ளைகளுக்கு நிரந்தரப் பல் கொஞ்சம் முந்தியே முளைக்கும். முந்தி முளைத்த பல், சூத்தை வரக்கூடிய வாயில் அதிக நாள் இருந்திருக்கிறது. வயதைப் பார்த்தால் போதாது, பல்லின் வயதையும் பார்க்க வேணும்.

வயதின் விஷயத்தில் உலக சுகாதார நிறுவனம் பிறகு ஒரு ஒழுங்கு கொண்டுவந்தது. நாடுகளை ஒப்பிடுவதற்கு 12 வயதைத் தேர்ந்தார்கள். பல நாடுகளில் பிள்ளைகள் ஆரம்பப் பாடசாலையை விட்டுப் போகும் வயது அது, அதற்குப் பிறகு ஓரிடத்தில் பிடிப்பது கஷ்டம். ஞானப்பல் தவிர்ந்த நிரந்தரப் பற்கள் பெரும்பாலும் அப்போது முளைத்தும் இருக்கும். 1981ல், 2000ஆம் ஆண்டுக்குள் 12 வயதில் சராசரி மூன்றுக்கு மேல் போகக்கூடாது என்று இலக்கும் வைத்தார்கள். இலங்கையில் 1983/84 தொடக்கம் நடந்துவரும் தேசிய வாய்ச் சுகாதார ஆய்வுகளும் இந்த அளவையே பயன்படுத்துகின்றன. எங்கட 12 வயதுப் பிள்ளைகளின் சராசரி ஒன்றுக்குக் கீழே வந்துவிட்டது.

நல்ல செய்திதான். ஆனால் இங்கேதான் சராசரி எங்களை ஏமாற்றத் தொடங்குது. 30 பிள்ளைகள் உள்ள ஒரு வகுப்பைக் கற்பனை செய்வோம். 18 பேருக்கு ஒன்றும் இல்லை. 4 பேருக்கு ஒவ்வொன்று, 3 பேருக்கு இரண்டிரண்டு, 5 பேருக்கு நாலு நாலு. மொத்தம் 30 பல், சராசரி சரியாக 1. அந்த ஒன்று என்ற எண்ணுக்குள் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு எதுவுமே இல்லை, ஐந்து பேருக்கு வாய் நிறையத் தொல்லை.

சுவீடன் நாட்டைச் சேர்ந்த டக்ளஸ் பிராட்ஹால் 2000ஆம் ஆண்டில் இதற்கு ஒரு வழி சொன்னார். பிள்ளைகளை எண்ணின்படி வரிசைப்படுத்தி, மேலே இருக்கிற மூன்றில் ஒரு பங்கினரின் சராசரியை மட்டும் எடு. எங்கட வகுப்பில் அது 10 பேர்: நாலு நாலு உள்ள 5 பேர், இரண்டிரண்டு உள்ள 3 பேர், ஒவ்வொன்று உள்ள 2 பேர். கூட்டினால் 28, பத்தால் பிரித்தால் 2.8. வகுப்பு அதேதான். ஆனால் 1 என்று சொல்வதற்கும் 2.8 என்று சொல்வதற்கும் இடையில் அந்தப் பத்துப் பிள்ளைகள் கண்ணுக்குத் தெரிகிறார்கள்.

இன்னும் சிலது இந்த எண்ணுக்குள் வராமல் போகும். உலக சுகாதார நிறுவனத்தின் கள ஆய்வு முறையில் கண்ணாடியும், நுனி உருண்டையான மெல்லிய கருவியும்தான் பரிசோதகரின் கையில் இருக்கும். ஐயமில்லாத குழி இருந்தால்தான் சூத்தை. வெள்ளைப் புள்ளியாகத் தொடங்குகிற ஆரம்பச் சூத்தை, நல்ல பல் என்றே எழுதப்படும். சந்தேகம் என்றாலும் நல்ல பல்தான். ஆளுக்காள் பார்வை மாறக்கூடாது என்பதற்காக வைத்த விதி அது. அதனால் ஒரு பகுதிப் பிள்ளைகளை இரண்டாம் தரமும் பார்த்து, இரண்டு பதிவும் எவ்வளவு ஒத்துப்போகுது என்று சோதிப்பார்கள். அப்படிச் சோதிக்காத ஆய்வில், இரண்டு ஊருக்கு இடையிலான வித்தியாசம் இரண்டு பரிசோதகருக்கு இடையிலான வித்தியாசமாகவும் இருக்கலாம்.

பாடசாலையில் எடுக்கிற கணக்கில், அன்று பாடசாலைக்கு வராத பிள்ளை இல்லை. பல்வலியால் வராமல் நின்ற பிள்ளையும் அதில் ஒன்றாக இருக்கலாம். இடைவிலகிய பிள்ளை எப்பவுமே இல்லை. பிடுங்கின பல்லையும் எண்ணு என்று 1938ல் சொன்ன அதே நியாயப்படி, வராத பிள்ளைகள் எத்தனை பேர் என்றதையும் அறிக்கை எழுத வேணும். அடுத்த முறை இப்படியொரு சராசரியைப் பத்திரிகையில் கண்டால் நாங்கள் தேட வேண்டியது மூன்று: டி எவ்வளவு, எவ் எவ்வளவு, அன்றைக்கு யார் வரவில்லை.