மலைச்சாலைக்கு அடியில் செத்துப்போன போன் லைன்: எங்கே தோண்டணும்னு கருவி எப்படிச் சொல்லுது?

போடிநாயக்கனூரில் இருந்து போடிமெட்டுக்கு ஏறும் மலைச்சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. மேலே ஏலக்காய்த் தோட்டங்கள், கீழே போடியில் ஏலக்காய் வியாபாரமும் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலமும். இப்படிப்பட்ட சரிவில் மண்ணுக்குள் புதைத்த செம்பு கேபிள் ஒருநாள் திடீரென்று செத்துப்போனால் லைன்மேனுக்கு முதல் கேள்வி ஒன்றுதான். எந்த இடத்தில் குழி போடுவது?

சமவெளியில் இரண்டு குழி தப்பினால் அரை நாள் வேலை வீண், அவ்வளவுதான். மலையில் அப்படி இல்லை. இது கொச்சி - தனுஷ்கோடி தேசிய நெடுஞ்சாலை. ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் பள்ளம். சாலை ஓரத்தை மழைக்காலத்தில் தப்பான இடத்தில் தோண்டினால் மண் சரியும். அதனால்தான் தோண்டுவதற்கு முன்பே இடத்தைச் சொல்லும் டி.டி.ஆர். என்ற கருவியை எடுக்கிறார்கள். டைம் டொமைன் ரிஃப்ளெக்டோமீட்டர் என்பது முழுப்பெயர். வேலை என்னவோ எளிதுதான்: கம்பிக்குள் ஒரு தட்டு தட்டிவிட்டு எதிரொலி எப்போது வருகிறது என்று பார்ப்பது.

எதிரொலி ஏன் வருகிறது?

லேண்ட்லைன் கேபிளுக்குள் கம்பிகள் இரண்டிரண்டாக முறுக்கப்பட்டிருக்கும். இதை 'பேர்' என்பார்கள். அந்த இரண்டு கம்பிக்கும் நடுவில் டி.டி.ஆர். ஒரு குட்டி மின்துடிப்பை, அதாவது பல்ஸை அனுப்புகிறது. கிளம்பும் நொடியில் அந்த பல்ஸுக்கு மறுமுனையில் என்ன இருக்கிறது என்று தெரியாது. கேபிள் 100 மீட்டரா, 10 கிலோமீட்டரா என்பதும் தெரியாது. அப்படியானால் இவ்வளவு வோல்ட்டுக்கு இவ்வளவு கரண்ட் என்று எதை வைத்து முடிவாகிறது?

அதை முடிவு செய்வது கேபிளின் உடல்வாகு. கம்பியின் தடிமன், இரண்டு கம்பிக்கும் இடையே உள்ள தூரம், நடுவில் உள்ள பிளாஸ்டிக், இவைதான் கணக்கு. இந்த வோல்ட் - கரண்ட் விகிதத்துக்குப் பெயர் கேரக்டரிஸ்டிக் இம்பீடன்ஸ், தமிழில் பண்பு மின்மறிப்பு. போன் கேபிளில், இந்த வகை வேகமான பல்ஸுக்கு அது சுமார் 100 ஓம். நீளம் கூடினாலும் குறைந்தாலும் இந்த எண் மாறாது. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் இந்த 100 ஓம் தெரியவும் தெரியாது. ஓடிக்கொண்டிருக்கும் பல்ஸ் மட்டுமே உணரும் எண் இது.

இந்த எண் வழி நெடுக ஒரே மாதிரி இருக்கும்வரை பல்ஸ் பேசாமல் போய்க்கொண்டே இருக்கும். எங்கே எண் மாறுகிறதோ அங்கே பல்ஸின் ஒரு பகுதி திரும்பி வரும். எவ்வளவு திரும்பும் என்பதற்கு இந்தச் சூத்திரம்:

```
(Z − Z0) / (Z + Z0)
```

Z0 என்பது கேபிளின் 100 ஓம். Z என்பது வழியில் எதிர்ப்படும் புது எண். கம்பி அறுந்திருந்தால் Z எல்லையில்லாதது, விடை +1. அதாவது பல்ஸ் முழுசாக, அதே திசையில் நிமிர்ந்தபடி திரும்பி வரும். இரண்டு கம்பியும் ஒட்டிக்கொண்டு ஷார்ட் ஆகியிருந்தால் Z பூஜ்யம், விடை −1. அப்போதும் முழுசாக வரும், ஆனால் தலைகீழாக.

ஒரு கயிற்றை நினைத்துக்கொள்ளுங்கள். மறுமுனையைத் தூணில் இறுக்கிக் கட்டிவிட்டு இந்த முனையை மேலே சுண்டினால், அலை தூணில் மோதி கீழ்நோக்கித் திரும்பும். அது ஷார்ட். மறுமுனை கட்டாமல் தளர்வாக இருந்தால் அலை மேல்நோக்கியே திரும்பும். அது அறுந்த லைன். திரையில் கோடு மேலே எகிறினால் அறுப்பு, கீழே விழுந்தால் ஷார்ட். செம்புக்காக கேபிளை வெட்டித் திருடிச் சென்ற இடம் பெரும்பாலும் அழகாக மேலே எகிறும் ஒரே முள்ளாகத் தெரியும். லைன்மேனுக்கு அது சுலபமான கேஸ்!

தண்ணீர் புகுந்தால் என்ன ஆகும்?

மலையில் பெரிய தலைவலி தண்ணீர்தான். நம் ஊரில் புதைத்த போன் கேபிள்களில் பெரும்பாலும் உள்ளே ஜெல்லி நிரப்பியிருக்கும், தண்ணீர் நுழையக் கூடாது என்பதற்காக. ஆனாலும் உறை கிழிந்த இடத்திலோ, சரியாக மூடாத ஜாயின்ட்டிலோ வருடக்கணக்கில் ஈரம் இறங்கிவிடும்.

கம்பிகளுக்கு நடுவே தண்ணீர் வந்தால் அந்தப் பகுதியில் மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் திறன் கூடுகிறது. அதனால் இரண்டு விஷயம் ஒரே நேரத்தில் நடக்கும். பண்பு மின்மறிப்பு குறையும், பல்ஸின் வேகமும் குறையும். ஈரம் தொடங்கும் இடத்தில் எண் 100-ல் இருந்து இறங்குவதால் கோடு கீழே குழியும். ஈரம் முடியும் இடத்தில் மறுபடி 100-க்கு ஏறுவதால் கோடு மேலே எழும். குழியும் மேடும் ஜோடியாகத் தெரிந்தால் தண்ணீர் என்று சந்தேகப்படலாம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்

புரிவதற்காக ஒரு கற்பனை லைன். மலையடியில் ஒரு பில்லர் பெட்டி, அங்கிருந்து மேலே இன்னொரு பெட்டி வரை கேபிள். பதிவேட்டின்படி நீளம் 2,376 மீட்டர். 495-வது மீட்டரில் ஒரு ஜாயின்ட் இருப்பதாகவும் எழுதியிருக்கிறது.

முதலில் இரு முனையிலும் லைனைக் கழற்ற வேண்டும். எக்ஸ்சேஞ்சில் இருந்து வரும் 48 வோல்ட்டும், மணி அடிக்கும்போது வரும் அதைவிட அதிகமான வோல்ட்டும் கருவிக்கும் கைக்கும் நல்லதல்ல.

அடுத்து வேகம். பல்ஸ் கேபிளுக்குள் ஒளியின் வேகத்தில் ஓடாது, ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். இந்த விகிதத்தைக் கருவியில் VF என்று காட்டும் இடத்தில் நாம்தான் தர வேண்டும். இங்கே ஊகம் கூடாது. தெரிந்த ஜாயின்ட்டை வைத்தே கண்டுபிடிக்கலாம். ஜாயின்ட்டில் கம்பிகளின் முறுக்கு கொஞ்சம் அவிழ்ந்திருப்பதால் ஒரு சின்ன மேடு தெரியும். அந்த மேடு 5 மைக்ரோ விநாடியில் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். 495-ஐ 5-ஆல் வகுத்தால், திரையில் ஒரு மைக்ரோ விநாடிக்கு 99 மீட்டர். போய்த் திரும்பும் நேரம் என்பதால் இது உண்மையான வேகத்தில் பாதி. அப்படியானால் VF 0.66.

இப்போது கோளாறு. 9 மைக்ரோ விநாடியில் கோடு குழிகிறது, 9.8-ல் எழுகிறது. 9 × 99 = 891 மீட்டர். ஈரம் தொடங்கும் இடம் இது. முடியும் இடம் 9.8 × 99 = 970 மீட்டரா? இல்லை. இங்கேதான் பலரும் ஏமாறுவார்கள். ஈரத்துக்குள் பல்ஸ் மெதுவாகப் போனதால் அந்தப் பகுதி திரையில் நீண்டு தெரிகிறது. அதைத் தாண்டிய எல்லாமே தள்ளிப்போய்த்தான் தெரியும்.

அதனால் மேல் பெட்டிக்குப் போய் அங்கிருந்தும் ஒரு தடவை பார்க்க வேண்டும். ஆமாம், அத்தனை வளைவும் ஏறித்தான். அங்கிருந்து பார்க்கும்போது முதல் குழிவு 14.4 மைக்ரோ விநாடியில் வருகிறது. 14.4 × 99, சுமார் 1,425 மீட்டர். மொத்த நீளமான 2,376-ல் இதைக் கழித்தால் 951. ஆக, நனைந்தது 891-ல் இருந்து 951 வரை, 60 மீட்டர்தான். கீழிருந்து மட்டும் பார்த்திருந்தால் 970 வரை, 19 மீட்டர் கூடுதலாகத் தோண்டியிருப்போம். ஒவ்வொரு முனையில் இருந்தும் முதலில் தெரியும் விளிம்பை மட்டும் நம்பு என்பதுதான் இதன் சாரம்.

VF-ஐ 0.66-க்குப் பதில் 0.70 என்று தப்பாகப் போட்டிருந்தால்? 891 மீட்டர் 945 என்று காட்டியிருக்கும். 54 மீட்டர் வித்தியாசம். மலைச்சாலையில் அது அடுத்த வளைவாகவே இருக்கலாம்.

மீட்டர் தெரிந்தால் போதுமா?

போதாது. கருவி சொல்வது கேபிளின் நீளம், சாலையின் நீளம் அல்ல. ஜாயின்ட் போடும் இடங்களில் பிற்காலத் தேவைக்காக சில மீட்டர் கேபிளைச் சுருட்டி வைப்பார்கள். சில இடங்களில் கேபிள் சாலையை விட்டுச் சரிவில் குறுக்கே இறங்கும். வளைவுகள் ஒன்றின் மேல் ஒன்றாக இருப்பதால், மொபைல் மேப்பில் நேர்க்கோட்டுத் தூரம் பார்ப்பதில் எந்தப் பயனும் இல்லை. பெட்டியில் இருந்து 891 என்று அளப்பதைவிட, தெரிந்த ஜாயின்ட்டில் இருந்து மீதி 396 மீட்டரை அளப்பது நல்லது. அளக்கும் தூரம் குறையக் குறைய பிழையும் குறையும்.

கருவியில் பல்ஸின் அகலத்தையும் மாற்றலாம். குறுகிய பல்ஸ் அருகில் இருப்பதை நுணுக்கமாகக் காட்டும், ஆனால் தூரம் போகப் போகக் கரைந்துவிடும். அகலமான பல்ஸ் தூரம் போகும். ஆனால் 1 மைக்ரோ விநாடி பல்ஸ் என்றால் கிளம்பிய இடத்தில் இருந்து ஏறக்குறைய முதல் 100 மீட்டர் கண்ணுக்கே தெரியாது. எனவே பெட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கும் கோளாறைத் தேடுபவர் குறுகிய பல்ஸில்தான் ஆரம்பிப்பார்.

டி.டி.ஆர். ஏமாறும் இடங்கள்

ஒரு பேரில் இருந்து பழைய சந்தாதாரருக்குப் பிரிந்துபோன கிளை லைன் கழற்றப்படாமல் கிடக்கும். அந்த இடத்தில் இரண்டு 100 ஓம் வழிகள் பக்கவாட்டில் சேர்வதால் பல்ஸுக்கு 50 ஓம் போலத் தெரியும். மூன்றில் ஒரு பங்கு தலைகீழாகத் திரும்பும். புதியவர் அதை ஷார்ட் என்று நினைத்துக் குழி போட்டுவிடுவார். ஷார்ட் என்றால் அதற்குப் பிறகு கோட்டில் எதுவும் வராது. கிளை என்றால் அதற்கப்பாலும் ஜாயின்ட்டும் மறுமுனையும் தெரிந்துகொண்டிருக்கும்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. இன்சுலேஷன் லேசாகக் கசிந்து, இரண்டு கம்பிக்கும் நடுவே 50,000 ஓம் மட்டும் மிஞ்சியிருக்கிறது என்று வைப்போம். போனில் இரைச்சல் கேட்கும், வாடிக்கையாளர் தினமும் புகார் செய்வார். ஆனால் பல்ஸில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் திரும்பும். திரையில் கோடு ஒழுங்காகவே தெரியும். "லைன் நல்லா இருக்கு" என்று எழுதிவிட்டுப் போகக்கூடாத இடம் இது. இன்சுலேஷன் மீட்டர் வைத்துப் பார்த்தால் கசிவு உடனே தெரியும். இடத்தைக் கண்டுபிடிக்க, தந்திக் காலத்தில் இருந்தே புழங்கும் பிரிட்ஜ் முறைக்குத்தான் போக வேண்டும். அதில் ஒரு நல்ல கம்பியைத் துணைக்கு வைத்து, மின்தடையின் விகிதத்தில் தூரத்தைக் கணக்கிடுவார்கள்.

கற்பனை லைனுக்குத் திரும்பினால், அங்கே 60 மீட்டரும் வெட்டி எடுக்கப்பட்டு, புது கேபிள் இரண்டு ஜாயின்ட்டோடு போடப்படும். மூடுவதற்கு முன் மறுபடி ஒரு பல்ஸ். இப்போது 891-லும் 951-லும் சின்னச் சின்ன மேடு மட்டும் தெரிய வேண்டும், நடுவில் குழிவு இருக்கக் கூடாது. கீழிருந்து பார்த்தாலும் மறுமுனை 24 மைக்ரோ விநாடியில், அதாவது சரியாக 2,376 மீட்டரில் தெரிய வேண்டும். அந்தக் கோட்டைக் கருவியிலேயே தேதியோடு சேமித்து வைத்தால், அடுத்த மழையில் லைன் போகும்போது இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கலாம். எங்கே மாறியிருக்கிறதோ அங்கே குழி.