கண் மஞ்சள், சலம் பிளேன்ரீ நிறம்: வைத்தியர் எதைத் தேடுகிறார்?

என் பெரியம்மாவுக்கு 2009 இல் செங்கமாரி வந்தது. செட்டிகுளம் மெனிக்பாம் முகாமில் அந்த நாட்களில் அவருக்கு மட்டுமல்ல, ஏராளமானோருக்கு வந்தது. மலம் கலந்த தண்ணீராலும் உணவாலும் பரவும் ஹெபடைட்டிஸ் ஏ வைரஸ்தான் காரணம். நெருக்கி அடைக்கப்பட்ட கூடாரங்களும் போதாத மலசலகூடங்களும் அதற்கு வேறெதையும் விட்டுவைக்கவில்லை. யாரோ தேடிக் கொடுத்த கீழ்க்காய்நெல்லியை அரைத்துக் குடித்தார், எண்ணெய் சேர்க்காமல் பத்தியம் இருந்தார், சில வாரங்களில் கண் தெளிந்தது.

பதினைந்து வருடங்களுக்குப் பிறகு, கிளிநொச்சியில், அவருக்குக் கண் மறுபடி மஞ்சளானது. "பழைய செங்கமாரி திரும்பி வந்திட்டுது" என்று சொல்லிக் கீழ்க்காய்நெல்லி பிடுங்கப் போய்விட்டார். மூன்று வாரம் பத்தியம். மஞ்சள் குறையவில்லை. உடம்பெல்லாம் சொறிந்து சொறிந்து கையில் கீறல் விழுந்த பிறகுதான் என்னுடன் வைத்தியசாலைக்கு வரச் சம்மதித்தார்.

வைத்தியர் பழைய கதையைப் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "அம்மா, முகாமில வந்தது ஹெபடைட்டிஸ் ஏ எண்டால் அது ஒருக்காத்தான் வரும். திரும்ப வராது. இது வேற" என்றார். ஒருமுறை அந்த வைரஸ் தொற்றினால் உடலில் உருவாகும் எதிர்ப்புச் சக்தி ஆயுள்வரை நிற்கும். அதோடு, அந்த நோய் பெரும்பாலானோருக்குத் தானாகவே மாறிவிடும். முகாமில் கீழ்க்காய்நெல்லி குடித்தவர்களும் மாறினார்கள், குடிக்காதவர்களும் மாறினார்கள். மூலிகைக்கு நல்ல பெயர் வந்தது இப்படித்தான் என்பது என் எண்ணம்.

அடுத்து அவர் கேட்டது எனக்கு விசித்திரமாக இருந்தது. "சலம் என்ன நிறம்?"

"பிளேன்ரீ மாதிரி."

"மலம்?"

பெரியம்மா வெட்கப்பட்டு என்னைப் பார்த்தார். பிறகு மெல்ல, "வெளிறிப்போய்... களிமண் மாதிரி" என்றார்.

வைத்தியரின் முகம் மாறியது. அந்த இரண்டு பதில்களும் அவருக்கு ஏன் அவ்வளவு முக்கியம் என்பதைப் பிறகு விளக்கச் சொல்லிக் கேட்டேன்.

நம் குருதியின் சிவப்பணுக்கள் ஏறத்தாழ 120 நாட்கள் வாழ்ந்து அழிகின்றன. அழியும்போது பிலிரூபின் என்ற மஞ்சள் பொருள் உண்டாகிறது. முதலில் அது தண்ணீரில் கரையாது. குருதியிலுள்ள அல்புமின் என்ற புரதத்தில் ஒட்டிக்கொண்டு ஓடும். அதனால் சிறுநீரகம் அதை வெளியே விடாது. ஈரல்தான் அதைப் பிடித்துத் தண்ணீரில் கரையும் வடிவத்துக்கு மாற்றி, பித்தக் குழாய் வழியாகக் குடலுக்கு அனுப்புகிறது. மலத்தின் மண்ணிறம் அதிலிருந்து வருவது.

இதை வைத்து யோசித்தால் வழி தெளிகிறது. சிவப்பணுக்கள் அளவுக்கு மீறி அழிந்தால் கண் மஞ்சளாகும். ஆனால் கூடுவது கரையாத பிலிரூபின் என்பதால் பித்தம் சலத்தில் இறங்காது, மலமும் வெளிறாது. ஆள் சோகை பிடித்து வெளிறியிருப்பார். இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. சிவப்பணுக்கள் குருதிக்குழாய்க்குள்ளேயே திடீரென உடைந்தால், ஹீமோகுளோபின் இறங்கிச் சலம் கோலா நிறமாகும். வன்னியில் மலேரியா வாட்டிய காலத்தவர்களில் சிலர் இந்தக் கறுத்த சலத்தைக் கண்டிருப்பார்கள். 2016 இல் இலங்கை மலேரியா அற்ற நாடாக அறிவிக்கப்பட்டது. ஆனாலும் வெளிநாடு போய் வந்தவருக்குக் காய்ச்சலோடு கண் மஞ்சளானால் அந்தப் பயணத்தை வைத்தியரிடம் சொல்லியே ஆகவேண்டும்.

ஈரல் அழன்றாலோ குழாய் அடைபட்டாலோ கதை வேறு. கரையும் பிலிரூபின் போகவேண்டிய பாதை தடைப்பட்டுக் குருதிக்குத் திரும்புகிறது, அங்கிருந்து சலத்தில் இறங்குகிறது. ஆகவே பிளேன்ரீ நிறச் சலம் பெரும்பாலும் ஈரலையோ குழாயையோ காட்டுகிறது. இந்த இரண்டையும் பிரிக்க உதவுவது மலம். பித்தம் குடலுக்கே போகாவிட்டால் மலம் களிமண் நிறமாகும், தோல் அரிக்கும். ஈரல் அழற்சியிலும் சில நாட்கள் மலம் வெளிறலாம். ஆனால் மூன்று வாரமாக வெளிறியே இருந்தால் அடைப்பைத்தான் முதலில் தேடவேண்டும்.

இரத்தப் பரிசோதனை அதையே சொன்னது. மொத்தப் பிலிரூபின் 9.8 மில்லிகிராம், வழமையில் 1.2 ஐத் தாண்டாது. அதில் 7.6 கரையும் வகை. ஈரல் கலங்கள் சிதையும்போது ஏறும் ஏ.எல்.ரி 140 தான். வைரஸ் அழற்சியின் ஆரம்பத்தில் அது ஆயிரத்தைத் தாண்டுவது வழக்கம். பித்தக் குழாய் அடைபடும்போது ஏறும் ஏ.எல்.பி மட்டும் 480, வழமையின் மூன்று நான்கு மடங்கு.

குருதி உறையும் நேரமும் நீண்டிருந்தது. நான் பயந்துவிட்டேன், ஈரல் கைவிடுகிறது என்று எங்கோ வாசித்திருந்தேன். வைத்தியர் விற்றமின் கே ஊசி போட்டு, மறுநாள் திரும்பப் பார்த்தார். சரியாகியிருந்தது. அந்த விற்றமினைக் குடல் உறிஞ்சப் பித்தம் வேண்டும். பித்தம் போகாததால்தான் குறைந்திருக்கிறது. ஊசியோடு சரியானால் ஈரல் இன்னும் வேலை செய்கிறது என்று அர்த்தம். ஊசி போட்டும் சரியாகாவிட்டால்தான் ஈரலைப் பற்றிக் கவலைப்படவேண்டும்.

ஸ்கானில் பித்தப்பைக்குள் கற்கள் தெரிந்தன. பொதுப் பித்தக் குழாய் 12 மில்லிமீற்றராக வீங்கியிருந்தது. ஆனால் குழாயை அடைத்த கல் தெரியவில்லை. குழாயின் கீழ்ப்பகுதியைக் குடலின் வாயு மறைத்துவிடும் என்றார்கள். கல் இல்லையென்றால் வேறு என்ன? கணையத் தலையிலுள்ள புற்றுநோயும் அதே இடத்தில் குழாயை நெரிக்கும், பெரும்பாலும் வலியே இல்லாமல். மெலிவு உண்டா, பசி குறைந்ததா என்று வைத்தியர் திரும்பத் திரும்பக் கேட்டது அதற்காகத்தான். பத்தியத்தால் மெலிந்திருந்த ஒருவரிடம் அந்தக் கேள்விக்குப் பதில் எடுப்பது சுலபமாக இருக்கவில்லை.

அன்றிரவு விடுதியில் பெரியம்மாவுக்கு நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தது, வலது விலாவுக்குக் கீழே வலி. மஞ்சள், நடுக்கக் காய்ச்சல், வலி மூன்றும் சேர்ந்தால் அடைபட்ட பித்தத்தில் கிருமி தொற்றிவிட்டது என்று எடுத்துக்கொள்வார்கள். சில மணி நேரங்களில் அது குருதியில் பரவலாம். வீட்டில் நாலாவது வாரப் பத்தியத்தில் இது நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்க எனக்கு விருப்பமில்லை. உடனே அன்ரிபயோட்டிக் ஏற்றினார்கள். மறுநாளே பெரிய வைத்தியசாலைக்கு மாற்றினார்கள். அங்கே வாய் வழியாகக் குழாய்க் கமெரா விட்டு, பித்தக் குழாயின் வாயைச் சிறிதாக வெட்டி, கல்லை வெளியே இழுத்தார்கள். பித்தப்பையை பிறகு சத்திரசிகிச்சையில் அகற்றினார்கள்.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். முதல் நாளே வைத்தியர், "வயலுக்குள்ள இறங்கினீங்களா?" என்றும் கேட்டார். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் உயிர்களைப் பறித்த எலிக்காய்ச்சல் அவர் மனதில் இருந்தது. அதிலும் கண் மஞ்சளாகும். ஆனால் அது திடீர்க் காய்ச்சலோடும் கெண்டைக்கால் வலியோடும் தொடங்கும், கண் சிவந்திருக்கும், சலத்தின் அளவே குறையும். சிறுநீரகம் பழுதாகத் தொடங்கியிருக்கலாம் என்பதால் அதற்கு ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. மஞ்சளோடு தூக்க மயக்கமோ பேச்சுக் குழப்பமோ வந்தாலும், கர்ப்பிணிக்குக் கண் மஞ்சளானாலும் அப்படித்தான்.

கல் போன இரண்டாம் நாள் மலத்துக்கு நிறம் வந்தது. சில நாட்களில் அரிப்பு அடங்கியது, சலம் தெளிந்தது. கண் மட்டும் மஞ்சளாகவே நிற்க, "இன்னும் மாறேல்லையே தம்பி" என்று பெரியம்மா கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். நீண்ட நாள் அடைப்பில் பிலிரூபினின் ஒரு பகுதி அல்புமினோடு இறுகிப் பிணைந்துவிடுகிறது. அந்தப் புரதம் அழியும் வேகத்தில்தான் அதுவும் போகும். அதற்குச் சில வாரங்கள் எடுத்தன.