அசித்ரோமைசினும் க்யூடி இடைவெளி நீட்சியும்

இதயக் கீழறைகள் மின்தூண்டல் பெற்று ஓய்வுநிலைக்குத் திரும்ப ஆகும் நேரமே இசிஜியில் காணும் க்யூடி இடைவெளி. செல்லைவிட்டுப் பொட்டாசியம் வெளியேறினால்தான் அந்தத் திரும்பல் நடக்கும். பொட்டாசியம் வெளியேறும் வழியை அசித்ரோமைசின் ஓரளவு அடைப்பதால் இடைவெளி நீள்கிறது. மிக நீண்டால் ‘டோர்சாட் டி பாயின்ட்ஸ்’ என்னும் தாறுமாறான வேகத்துடிப்பு தொடங்கி, மயக்கமோ திடீர் மரணமோ நேரலாம்.

இம்மருந்து பெரும்பாலோரை ஒன்றும் செய்வதில்லை. 2013இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்ததும் ஏற்கெனவே ஆபத்திலிருப்போரை முன்னிட்டே. சிக்கல் பெரும்பாலும் சேர்க்கையில்தான். கால்வீக்கத்துக்கு ஃப்ருசமைடு சாப்பிடும் 70 வயதுப் பெண்ணுக்கு நெஞ்சுச்சளியும் வாந்தியும் வருகின்றன என்று கொள்வோம். சளிக்கு அசித்ரோமைசின், வாந்திக்கு ஒண்டான்செட்ரான் தருகிறார்கள். ஃப்ருசமைடும் வாந்தியும் இரத்தப் பொட்டாசியத்தை ஏற்கெனவே குறைத்திருக்கும். புதிய மருந்துகள் இரண்டும் ஒரே வழியை அடைக்கின்றன. தனித்தனியே பார்த்தால் மூன்று சீட்டிலும் பிழையில்லை! ஹலோபெரிடால், மெத்தடோன், சோடலால், ஹைட்ராக்சிகுளோரோகுயின் ஆகியவற்றுடன் சேர்ந்தாலும் இதே கதை.

துடிப்பு வேகத்துக்கேற்பத் திருத்திய க்யூடி 500 மில்லிநொடியைத் தாண்டினால், காரணமான மருந்துகளை நிறுத்திப் பொட்டாசியத்தைச் சரிசெய்வார்கள். டோர்சாட் வந்துவிட்டால் சிரைவழி 2 கிராம் மக்னீசியம் சல்பேட். நாடி இல்லையெனில் உடனடி மின்னதிர்ச்சி. வழக்கமாகக் கைக்கு வரும் அமியோடரோன் இங்கே ஆகாது, அதுவும் க்யூடியை நீட்டும்.